பெயர் தெரியாத சிறிய கேம்: ஐகான், ஸ்கிரீன்ஷாட், தேடல் சொல் மூன்றில் எதை, எப்படித் தேர்வது?

தனியாளாக கேம் செய்பவர்கள் ஸ்டோர் பக்கத்தை நிரப்பும் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் ஐகானுக்குப் பல நாள் செலவழிப்பார்கள். பிறகு ஸ்கிரீன்ஷாட் எடுப்பார்கள். வெளியிடும் நாளன்று, கடைசி அரை மணி நேரத்தில், கீவேர்டுகளுக்கான இடத்தில் தோன்றியதை எழுதிவிட்டு அனுப்பிவிடுவார்கள். யாருக்கும் தெரியாத கேமுக்கு இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விளம்பரத்துக்குப் பணம் இல்லாத, ஸ்டோர் ஆசிரியர்கள் முன்பக்கத்தில் வைக்காத, இன்னும் யாரும் நண்பருக்குச் சொல்லாத கேமைப் பார்க்க வரும் முதல் சில நூறு பேர் பெரும்பாலும் தேடல் பெட்டியில் எதையோ தட்டித்தான் வருகிறார்கள். அவர்கள் தட்டிய சொல்தான் அவர்கள் யார், என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. அது தெரியாமல் வரைந்த ஐகான் யாரிடம் பேசுகிறது என்று வரைந்தவருக்கே தெரியாது. எனவே தேடல் சொல் முதலில், அந்தச் சொல்லுக்கு ஏற்ற ஐகான் இரண்டாவது, ஐகான் தந்த வாக்கை நிரூபிக்கும் ஸ்கிரீன்ஷாட் மூன்றாவது.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் எல்லாமே சரியாகத்தான் தோன்றும். ஒரே ஒரு கற்பனை கேமை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது ஏன் தோற்கிறது என்று பார்ப்போம்.

கேம் ஒரு நோனோகிராம். கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் எண்களைப் பார்த்து எந்தச் சதுரங்களை நிரப்ப வேண்டும் என்று கண்டுபிடித்தால், முடிவில் ஒரு சின்னப் படம் தெரியும். நம் கேமில் கறுப்பு வெள்ளை மட்டும்தான். 5×5 முதல் 15×15 வரை 150 புதிர்கள். எந்தப் புதிரிலும் ஊகிக்க வேண்டிய இடமே வராது, தர்க்கத்தால் மட்டுமே முடிக்கலாம். இணையம் இல்லாமலும் ஓடும். பெயர் Kattam என்று வைத்துக்கொள்வோம்.

தேடல் சொல்: பெரிய சொல்லா, சரியான சொல்லா?

நம் முன்னால் மூன்று வகைச் சொற்கள் இருக்கின்றன. முதல் வகை `puzzle`, `brain game` போன்ற பெருஞ்சொற்கள். இரண்டாவது `nonogram` என்ற வகைப்பெயர். மூன்றாவது `nonogram offline`, `nonogram no guessing`, `hanjie` போன்ற குறுகிய சொற்கள்.

பெருஞ்சொல்லின் கவர்ச்சி புரிகிறது. ஏராளமானவர்கள் அதைத் தட்டுகிறார்கள். ஆனால் ஸ்டோர் முடிவுகளை அடுக்கும்போது சொல் பொருந்துகிறதா என்பதோடு மட்டும் நிற்பதில்லை. எத்தனை பேர் நிறுவினார்கள், எப்படி ரேட்டிங் கொடுத்தார்கள் என்பதும் கணக்கில் சேர்கிறது. இந்த இரண்டுமே நம்மிடம் இல்லை. `puzzle` என்ற சொல்லுக்கு நாம் முந்நூறாவது இடத்தில் நின்றால் அந்தச் சொல்லை எத்தனை லட்சம் பேர் தேடினாலும் நமக்குக் கிடைப்பது பூஜ்யம்தான். அவ்வளவு தூரம் யாரும் உருட்டிப் பார்ப்பதில்லை. நாளுக்குச் சில பத்துப் பேர் மட்டுமே தட்டும் சொல்லில் ஆறாவது இடம் கிடைத்தால், அந்தச் சில பத்துப் பேரில் பலர் நம் ஐகானைப் பார்ப்பார்கள்.

ஒரு சொல் நமக்குத் திறந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கக் கட்டணக் கருவி எதுவும் தேவையில்லை. இரண்டே சோதனைகள் போதும். முதலில், சொல்லின் முதல் சில எழுத்துகளைத் தேடல் பெட்டியில் தட்டி, ஸ்டோர் தானாகப் பரிந்துரைக்கிறதா என்று பாருங்கள். பரிந்துரைத்தால் அதைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். பரிந்துரையில் வரவே இல்லை என்றால் தேடுபவர்கள் மிகக் குறைவு. அடுத்து, தேடி வரும் முதல் பத்து கேம்களின் ரேட்டிங் எண்ணிக்கையைப் பாருங்கள். பத்துக்குப் பத்தும் லட்சக்கணக்கில் ரேட்டிங் வாங்கியவை என்றால் கதவு மூடியிருக்கிறது. நடுவில் சில நூறு ரேட்டிங் மட்டுமே உள்ள ஒன்றிரண்டு கேம்கள் இருந்தால், நம்மைப் போன்ற ஒருவர் ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறார் என்று பொருள். சோதிக்கும்போது நீங்கள் தினமும் பயன்படுத்தும் கணக்கில் தேடாதீர்கள். உங்கள் கேமை நீங்களே பலமுறை திறந்திருப்பீர்கள், அதனால் முடிவுகள் உங்களுக்குச் சாதகமாகச் சாய்ந்திருக்கலாம்.

இந்தச் சோதனையில் `nonogram` கடினமான சொல்லாகத்தான் தெரியும். ஆனாலும் அதை விட முடியாது. மூன்றாம் வகைச் சொற்கள் அதனோடு ஒட்டித்தான் உருவாகின்றன. எனவே அது டைட்டிலில் இருக்க வேண்டும். நாம் உண்மையில் ஜெயிக்க நினைப்பதோ அதைச் சுற்றியுள்ள குறுகிய சொற்களில்.

இந்த வகைப் புதிருக்குப் பெயர்கள் பல என்பது நமக்கு ஒரு வாய்ப்பு. பிரிட்டனில் ஹான்ஜி என்று தேடுபவர்கள் உண்டு. ஜப்பானியக் குறுக்கெழுத்து என்று அறிந்தவர்களும் உண்டு. பிக்ராஸ் என்ற பெயரும் பரவலாகப் புழங்குகிறது, ஆனால் அது நிண்டெண்டோவின் வணிகப்பெயர். அதைக் கீவேர்டில் போட ஆசை வரும், போடக்கூடாது. பிறருடைய வணிகப்பெயரையும் பிரபல ஆப்களின் பெயரையும் தேடல் விவரங்களில் நுழைப்பதை ஆப்பிளின் விதி வெளிப்படையாகவே தடுக்கிறது. கூகுளின் விதிகளும் அனுமதிப்பதில்லை. நிராகரிக்கப்பட்டால் இழப்பது சில நாள்கள். வெளியான பிறகு உரிமையாளர் புகார் கொடுத்தால் கேமே ஸ்டோரிலிருந்து போகலாம்.

இனி சொற்களை எங்கே வைப்பது என்ற கேள்வி. இங்கேதான் இரண்டு ஸ்டோர்களும் பிரிகின்றன. ஒரே வாசகத்தை இரண்டிலும் ஒட்டுபவர்கள் ஏதாவது ஒன்றில் இழக்கிறார்கள்.

ஆப் ஸ்டோரில் பெயருக்கு 30 எழுத்து, துணைத்தலைப்புக்கு 30 எழுத்து, பயனர் கண்ணுக்குத் தெரியாத கீவேர்டு பெட்டிக்கு 100 எழுத்து. நீண்ட விளக்கவுரை அங்கே தேடலுக்குப் பயன்படுவதில்லை. ப்ளே ஸ்டோரில் கீவேர்டு பெட்டியே கிடையாது. டைட்டிலுக்கு 30 எழுத்து, சுருக்க விளக்கத்துக்கு 80, முழு விளக்கத்துக்கு 4000. அங்கே முழு விளக்கத்தின் வாசகமும் தேடலில் கணக்கிடப்படுகிறது.

டைட்டிலுக்கு மூன்று வழிகள். `Kattam` என்று மட்டும் வைக்கலாம். அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பெயரை யாரும் தேட மாட்டார்கள் என்பதால் 30 எழுத்தில் 24ஐ வீணாக்குகிறோம். `Nonogram Puzzle Picture Logic` என்று சொற்களை மட்டும் அடுக்கலாம். 29 எழுத்து, இடம் முழுவதும் பயன்பட்டது. ஆனால் அது எந்த கேமுக்கும் பொருந்தும் ஒரு பட்டியல். ஒருமுறை பார்த்தவர் மறுநாள் நினைவுகூர்ந்து தேட அதில் எதுவும் இல்லை. மூன்றாவது வழி இரண்டையும் சேர்ப்பது: `Kattam: Nonogram Puzzles`, 24 எழுத்து. பெயரை முன்னால் வைப்பதா, வகையை முன்னால் வைப்பதா என்று விவாதிப்பார்கள். முடிவுப் பட்டியலில் டைட்டில் வெட்டுப்பட்டுத் தெரியும் அளவுக்குப் பெயர் நீளமாக இருந்தால் மட்டும் வகையை முன்னால் கொண்டுவாருங்கள். நம் பெயர் ஆறே எழுத்து, பிரச்சினை இல்லை.

ஆப் ஸ்டோருக்கான முழுத் தொகுப்பு இப்படி இருக்கும்:

```
Name:     Kattam: Nonogram Puzzles
Subtitle: Offline Picture Logic Grids
Keywords: hanjie,japanese,crossword,number,brain,relax,daily,easy,black,mono,solve,mind,cell,small,minimal
```

கீவேர்டு வரி 96 எழுத்து. கமாவுக்குப் பின் இடைவெளி விடவில்லை, ஏனென்றால் இடைவெளியும் ஓர் எழுத்தாகக் கணக்காகிறது. பெயரிலும் துணைத்தலைப்பிலும் உள்ள சொல் எதுவும் இங்கே மீண்டும் வரவில்லை. மூன்று இடங்களிலும் உள்ள சொற்களை ஸ்டோரே இணைத்துப் பார்த்துக்கொள்ளும் என்பதால் `japanese` இங்கேயும் `puzzles` பெயரிலும் இருந்தால் போதும், இரண்டும் சேர்ந்த தேடலுக்கும் நாம் தகுதி பெறுகிறோம். ஒருமையில் எழுதிய சொல்லைப் பன்மையிலும் எழுத வேண்டாம் என்றும், `app` என்ற சொல்லையும் பிரிவின் பெயரையும் இங்கே போட வேண்டாம் என்றும் ஆப்பிளே சொல்கிறது.

இதில் நான் வேண்டுமென்றே விட்ட இரண்டு சொற்கள் `pixel`, `paint`. இரண்டுக்கும் தேடல் அதிகம். நம் கேமிலும் சதுரங்களை நிரப்புகிறோம், பொருந்துவதுபோலத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சொற்களைத் தட்டுபவர் எண்ணைப் பார்த்து வண்ணம் தீட்டும் ஆப்பைத் தேடுகிறார். அவருக்கு மூளைக்கு வேலை தரும் புதிர் வேண்டாம், கைக்கு இதம் தரும் வண்ணம் வேண்டும். நம் கேமை நிறுவி, முதல் புதிரிலேயே குழம்பி, அன்றைக்கே நீக்கிவிடுவார். போகிற போக்கில் ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டும் போவார். மொத்தமே இருபது ரேட்டிங் உள்ள கேமுக்கு இப்படி நாலு பேர் வந்தால் சராசரி சரிந்துவிடும். பெரிய கேமுக்கு இது தூசு. நமக்கு அப்படி இல்லை.

ப்ளே ஸ்டோரின் சுருக்க விளக்கம் சரியாக 80 எழுத்தில்:

```
Solve nonogram picture puzzles offline. Every grid yields to logic, no guessing.
```

முதல் வாக்கியம் தேடலுக்கு. இரண்டாவது, இந்தப் புதிரை ஏற்கெனவே விளையாடி, ஊகிக்க வேண்டி வந்ததால் எரிச்சலடைந்தவருக்கு. முழு விளக்கத்தில் `nonogram` என்ற சொல் இயல்பாக வரும் இடங்களில் வரட்டும். புதிர் அளவுகள், விதிகள், உதவிக் குறிப்புகள் பற்றியெல்லாம் எழுதினாலே அது பலமுறை வந்துவிடும். பத்தி பத்தியாக அதையே திணித்தால் கூகுளின் கொள்கைப்படி அது மீறல். `best`, `free`, `#1` போன்றவை டைட்டிலிலோ ஐகானிலோ இருப்பதையும் கூகுள் தடை செய்கிறது.

ஐகான்: யாரைக் கவர வேண்டும்?

நோனோகிராம் கேமுக்கு இயல்பாகத் தோன்றும் நான்கு ஐகான்களை எடுத்துக்கொள்வோம். எண்களோடு கூடிய முழு 10×10 கட்டம். சதுரங்களால் ஆன ஒரு பூனை முகம். K என்ற எழுத்து. நாலாவது, கட்டத்தின் ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கியது: இடப்பக்கம் 3 என்ற எண், அதன் அருகே நிரப்பப்பட்ட மூன்று சதுரங்கள்.

K என்ற எழுத்தை உடனே தள்ளிவிடலாம். பெயர் தெரிந்த நிறுவனத்துக்கு எழுத்து ஐகான் போதும், நமக்கு அது எதையும் சொல்லாது.

முழுக் கட்டம் உண்மையானதுதான், கேமில் இருப்பதையே காட்டுகிறது. ஆனால் ப்ளே ஸ்டோருக்கு நாம் ஏற்றுவது 512×512 பிக்சல், ஆப் ஸ்டோருக்கு 1024×1024 பிக்சல். தேடுபவர் பார்ப்பதோ விரல்நுனி அளவில். வரைந்த படத்தை 48 பிக்சலுக்குச் சுருக்கிப் பாருங்கள். பத்துச் சதுரமும் ஓரத்து எண்களும் அந்த 48க்குள் அடங்க வேண்டும். ஒரு சதுரத்துக்கு நாலு பிக்சல்கூடத் தேறாது. எண்கள் தூசிப் புள்ளிகளாகிவிடும். சாம்பல் நிறச் சல்லடைதான் மிஞ்சும்.

உண்மையான போட்டி பூனைக்கும் மூன்று சதுரங்களுக்கும் இடையில். பூனை சிறிய அளவிலும் தெளிவாகத் தெரியும், பார்க்க இனிமையாக இருக்கும், நண்பர்களிடம் காட்டினால் பத்தில் எட்டுப் பேர் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் நண்பர்கள் தேடல் பெட்டியில் எதையும் தட்டிவிட்டு அதைப் பார்க்கவில்லை. சதுரங்களால் ஆன பூனை முகம், எண் எதுவும் இல்லாமல், பார்க்க எப்படி இருக்கிறது? அதே வண்ணம் தீட்டும் ஆப்பைப் போல. கீவேர்டில் நாம் வேண்டாமென்று ஒதுக்கிய ஆட்களை ஐகான் வழியாகத் திரும்ப அழைக்கிறோம். `nonogram` என்று தட்டியவரோ, இது வேறு ஏதோ என்று தாண்டிப் போய்விடலாம்.

மூன்று சதுரங்களும் 3 என்ற எண்ணும் 48 பிக்சலிலும் படிக்கும்படி இருக்கும், ஏனென்றால் எண்ணின் உயரம் மட்டுமே 15, 16 பிக்சல் வரும். அதைவிட முக்கியமாக, இந்தப் புதிரின் விதியே அதில் அடங்கியிருக்கிறது. மூன்று என்று எழுதியிருக்கிறது, மூன்று நிரம்பியிருக்கிறது. நோனோகிராம் விளையாடியவருக்கு ஒரு கணத்தில் புரியும். தேடலிலிருந்து முதல் ஆட்களைப் பெறும் காலத்தில் என் தேர்வு இதுதான்.

பூனையை முழுதும் கைவிட வேண்டியதில்லை. ப்ளே ஸ்டோரில் ஒத்த கேம்களின் வரிசையில் நம் கேம் தோன்றத் தொடங்கினால் பார்ப்பவர் எதையும் தேடி வரவில்லை, சும்மா உலாவுகிறார். அவரிடம் வகையைச் சொல்வதைவிட ஆசையைத் தூண்டுவது பலன் தரும். அந்த வருகை கணிசமாகும் நாளில் பூனையை நேர்மையாகச் சோதிக்கலாம், அப்போதும் பக்கத்தில் ஓர் எண்ணை வைத்து.

வகையைச் சொன்னாயிற்று, இனிக் கூட்டத்தில் தனித்துத் தெரிய வேண்டும். அதற்கு ஐகானைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. போனில் `nonogram` என்று தேடி, அந்த முடிவுப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஆறாவது கேமின் ஐகான் மேல் உங்களுடையதை ஒட்டிப் பாருங்கள். வெளிச்சத் தீமிலும் இருட்டுத் தீமிலும் ஒவ்வொன்று. சுற்றியிருப்பவை எல்லாம் நீலமாகவும் வெள்ளையாகவும் இருந்தால் உங்கள் பின்னணி அடர் மஞ்சளோ செங்கல் நிறமோ ஆகட்டும். வெள்ளைப் பின்னணி ஐகான் வெளிச்சத் தீமில் எல்லையே இல்லாமல் கரைந்துபோவதை இந்த ஒட்டுப்படம் உடனே காட்டிக்கொடுக்கும். மூலைகளை நீங்களே வளைத்து, நிழல் போட்டு ஏற்ற வேண்டாம். இரண்டு ஸ்டோர்களும் முழுச் சதுரத்தைக் கேட்டு வாங்கி மூலையைத் தாமே வளைக்கின்றன. நீங்கள் வளைத்தது ஒன்று, அவர்கள் வளைப்பது ஒன்று என்றால் மூலையில் ஒரு வெள்ளைக் கீற்று மிஞ்சும்.

ஸ்கிரீன்ஷாட்: முதல் மூன்று

ஆப் ஸ்டோரில் பத்து வரை, ப்ளே ஸ்டோரில் ஒரு சாதன வகைக்கு எட்டு வரை ஏற்றலாம். நாலாவதிலிருந்து அவ்வளவு மெனக்கெட வேண்டாம், முதல் மூன்றில்தான் விஷயம் இருக்கிறது. ஆப் ஸ்டோர் தேடல் முடிவிலேயே, வீடியோ வைக்காதபோது, நெட்டுவாக்கில் உள்ள முதல் மூன்று படங்கள் தெரிகின்றன. பக்கத்தைத் திறக்காமலேயே ஒருவர் முடிவெடுக்க அவை போதும். கிடைவாக்கில் எடுத்திருந்தால் ஒன்றுக்குத்தான் இடம். நம் கேம் நெட்டுவாக்கில் ஓடுகிறது, அதனால் குழப்பம் இல்லை. இரண்டு வாக்கிலும் ஓடும் கேம் என்றால் நான் நெட்டுவாக்கைத்தான் எடுப்பேன். ப்ளே ஸ்டோரில் பெரிய படங்களோடு பரிந்துரைக்கப்படும் தகுதிக்கு, கேம்களுக்குக் குறைந்தது மூன்று ஸ்கிரீன்ஷாட்கள் தேவை: கிடைவாக்கு என்றால் 1920×1080, நெட்டுவாக்கு என்றால் 1080×1920 பிக்சலுக்குக் குறையாமல்.

எப்படிச் செய்வது என்பதில் மூன்று வழிகள் இருக்கின்றன. கேம் திரையை அப்படியே வெட்டி வைப்பது. மேலே ஒரு வரி எழுதிக் கீழே கேம் திரையை வைப்பது. போனைச் சாய்த்து, ஒளிக்கீற்று போட்டு, ஒரு படம் அடுத்த படத்துக்குள் நீளும்படி போஸ்டர்போல வடிவமைப்பது. போஸ்டர் பெரிய கேம்களின் பக்கங்களைப் பார்த்து வருகிற ஆசை. அங்கே விளையாட்டு என்ன என்பது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். நம் பக்கத்துக்கு வருபவருக்குத் தெரியாது, அதைக் கண்டுபிடிக்கத்தான் வருகிறார். ஆப்பிளின் விதியும் ஸ்கிரீன்ஷாட் கேம் ஓடும் நிலையைக் காட்ட வேண்டும், வெறும் தலைப்புப் படமாகவோ நுழைவுத் திரையாகவோ இருக்கக்கூடாது என்கிறது. அப்படியே வெட்டி வைப்பது நேர்மையானது, ஆனால் கட்டங்களுக்கும் எண்களுக்கும் நடுவில் எதைப் பார்ப்பது என்று கண்ணுக்குச் சொல்ல ஒரு வரி தேவைப்படுகிறது. எனவே நடு வழி. வரி ஆறேழு சொல்லைத் தாண்ட வேண்டாம், படத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இடம் எடுக்கவும் வேண்டாம். ஐந்தில் ஒரு பங்கு என்ற வரம்பு கூகுளின் வழிகாட்டலும்கூட.

முதல் படத்தில் என்ன வைப்பது என்பதில் பலர் முடிந்த படத்தை, முழுமை பெற்ற பூனையை வைக்கிறார்கள். நான் பாதி தீர்ந்த புதிரை வைப்பேன். நோனோகிராம் விளையாடுபவர் திரையில் தேடுவது சில குறிப்பான விஷயங்களை. சதுரங்கள் விரலுக்குப் போதுமான அளவில் இருக்கின்றனவா, முடிந்த எண்கள் மங்குகின்றனவா, நிரப்பவும் பெருக்கல் குறி போடவும் தனித்தனிப் பொத்தான் இருக்கிறதா. முடிந்த படம் இவற்றில் எதற்கும் பதில் சொல்லாது. பாதி தீர்ந்த 10×10 எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும், அடுத்த சதுரம் எது என்று பார்ப்பவரின் மனம் தானாகவே யோசிக்கவும் தொடங்கிவிடும். 15×15 வேண்டாம், தேடல் முடிவின் சிறிய அளவில் அதன் எண்கள் படிக்க முடியாமல் போகும்.

இரண்டாவது படத்தில் முடிந்த படங்களின் தொகுப்பு, பூனை இங்கே வரட்டும். மூன்றாவதில் நம் கேமுக்கே உரிய வாக்கு: ஊகிக்கத் தேவையில்லை, இணையம் தேவையில்லை. இந்த மூன்றாவது வரி சுருக்க விளக்கத்தில் எழுதியதோடு ஒத்துப்போக வேண்டும். அமைப்புகள் திரை, கடைத் திரை, முதன்மை மெனு ஆகியவற்றை எங்கேயும் வைக்க வேண்டாம்.

சோதிக்கலாமா?

இரண்டு ஸ்டோர்களும் ஐகானையும் ஸ்கிரீன்ஷாட்டையும் ஒப்பிட்டுச் சோதிக்க இலவச வசதி தருகின்றன. நடப்பில் இருப்பதற்கு எதிராக மூன்று மாற்றுகள் வரை வைக்கலாம். ஆப் ஸ்டோரில் ஒரு சோதனை 90 நாள் வரை ஓடும். அங்கே ஐகானைச் சோதிக்க வேண்டுமானால் மாற்று ஐகான்களைக் கேமின் வெளியீட்டுக் கோப்புக்குள்ளேயே முன்கூட்டி வைத்து அனுப்ப வேண்டும், பிறகு நினைத்துக்கொண்டு ஏற்ற முடியாது.

வசதி இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் சோதிக்க முடியுமா என்றால், நம்மால் முடியாது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு வருபவர்களில் 20 சதவீதம் பேர் நிறுவுகிறார்கள் என்று கொள்வோம். புதிய ஐகான் அதை 25 சதவீதமாக்குமா என்று ஓரளவு நம்பிக்கையோடு அறிய பழைய ஐகானுக்கும் புதிய ஐகானுக்கும் தலா சுமார் 1,100 பேர் தேவை. நாளுக்கு 30 பேர்தான் வருகிறார்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 15 பேர் வீதம் 74 நாள் ஆகும். 20க்கும் 22க்கும் உள்ள சின்ன வித்தியாசத்தை அறியவோ ஒவ்வொன்றுக்கும் 6,600 பேர் வேண்டும். அது ஒரு வருடத்தையும் தாண்டும். கணக்கிடும் வழி இது. `n` என்பது ஒவ்வொன்றுக்கும் தேவையான ஆள் எண்ணிக்கை, `p` இரண்டு விகிதங்களின் சராசரி, `d` அவற்றின் வித்தியாசம்:

```
n = 16 * p * (1 - p) / d^2
```

எனவே ஐகானின் நீலத்தைச் சற்று அடர்த்தியாக்கினால் என்ன, வரியில் ஒரு சொல்லை மாற்றினால் என்ன போன்ற சோதனைகள் நமக்கு நேர விரயம். ஒரு மாற்றை மட்டும், அதுவும் அடிப்படையிலேயே வேறுபட்டதை வைத்துச் சோதியுங்கள்: மூன்று சதுரங்களுக்கு எதிராகப் பூனையும் எண்ணும். மூன்று மாற்றுகளை ஒரே நேரத்தில் வைத்தால் வரும் 30 பேரும் நாலாகப் பிரிந்துபோவார்கள்.

இடையில் எட்டிப் பார்ப்பதுதான் பெரிய ஆபத்து. ஒவ்வொன்றுக்கும் நாற்பது பேர் வந்திருக்க, ஒரு பக்கம் எட்டுப் பேரும் இன்னொரு பக்கம் பன்னிரண்டு பேரும் நிறுவியிருந்தால் புதியது 50 சதவீதம் மேல் என்று தோன்றும். ஒரே ஐகானை இரண்டு பக்கமும் வைத்திருந்தாலும் இப்படி ஒரு வித்தியாசம் தற்செயலாக எளிதில் வரும். தேவையான எண்ணிக்கை வரும்வரை முடிவெடுக்காதீர்கள். வார நாள்களிலும் விடுமுறை நாள்களிலும் வருபவர்கள் வேறு வேறு என்பதால் முழு வாரங்களாக ஓட்டுங்கள். ப்ளே கன்சோலில் வெறும் நிறுவல்களைப் பார்க்காமல், குறைந்தது ஒரு நாளாவது கேமை நீக்காமல் வைத்திருந்தவர்களின் எண்ணிக்கையை அளவுகோலாகத் தேர்ந்தெடுக்கலாம். பூனைக்கும் சதுரங்களுக்கும் நடக்கும் போட்டியில் உண்மையைச் சொல்வது அந்த அளவுகோல்தான்.

சோதனைக்குப் போதிய ஆள் வராதவரை, எது பழுது என்று எண்களே ஓரளவு காட்டும். ஆப் ஸ்டோர் கனெக்ட் மூன்று படிகளைத் தருகிறது: எத்தனை முறை கண்ணில் பட்டது, எத்தனை பேர் பக்கத்தைத் திறந்தார்கள், எத்தனை பேர் இறக்கினார்கள். முதல் எண்ணே சிறியது என்றால் பழுது சொற்களில் இருக்கிறது. ஐகானைத் திருத்திப் பயனில்லை. கண்ணில் படுகிறது, ஆனால் யாரும் திறக்கவும் இல்லை, முடிவுப் பட்டியலிலிருந்தே நிறுவவும் இல்லை என்றால் ஐகானையும் முதல் மூன்று படங்களையும் பாருங்கள். சொல் தவறான ஆட்களிடம் காட்டுகிறதா என்பதையும் பாருங்கள். திறந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள் என்றால் மீதி ஸ்கிரீன்ஷாட்களும் ரேட்டிங்கும் காரணமாக இருக்கலாம். நிறுவி மறுநாளே நீக்குகிறார்கள் என்றால் பக்கம் தந்த வாக்கைக் கேம் காப்பாற்றவில்லை. ப்ளே கன்சோலில் எந்தத் தேடல் சொல்லால் வந்தார்கள் என்ற பட்டியலும் உண்டு. மிகக் குறைவாக வந்த சொற்கள் அதில் தனியாகத் தெரியாமல் ஒரே வரியில் அடங்கிவிடும், அதனால் முதல் சில வாரங்களில் அது பெரிதாக எதையும் காட்டாது.

சொற்களை மாற்றும்போது ஐகானை மாற்றாதீர்கள். ப்ளே ஸ்டோரில் வாசகத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆப் ஸ்டோரில் பெயரும் துணைத்தலைப்பும் கீவேர்டும் புதிய பதிப்போடுதான் மாறும். எனவே ஒவ்வொரு பிழைதிருத்தப் பதிப்பும் கீவேர்டு வரியைத் திருத்த ஒரு வாய்ப்பு. சில வாரம் பொறுத்து, அந்த 15 சொற்களையும் ஒவ்வொன்றாக, `nonogram` அல்லது `puzzles` சேர்த்துத் தேடுங்கள். முதல் ஐம்பது இடத்துக்குள் நாம் வராத சொற்களை எடுத்துவிட்டு, அவற்றின் இடத்தில் அதே இரண்டு சோதனைகளில் தேறிய புதியவற்றை வையுங்கள். `hanjie`யில் முதல் பத்துக்குள் வந்து, ரேட்டிங்கும் நூறைத் தாண்டிய பிறகு, ஒரு பதிப்பில் `minimal`ஐ எடுத்துவிட்டு `sudoku` போன்ற பக்கத்து வகைச் சொல் ஒன்றை வைத்துப் பார்க்கலாம். எண் புதிர் பிடித்தவர்கள் வண்ணம் தீட்டுபவர்களைவிட நம் கேமில் தங்க வாய்ப்பு அதிகம்.